மிச்ச நிலம்

அளவெடுக்க ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மா முதல் வேலையாக, முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த விரிப்புகளை எல்லாம் அள்ளி உள்ளே கொண்டுபோனாள். அப்புறம் கொடிக்கயிறுகளை அவிழ்த்தாள். சித்தப்பா இரும்புக் கம்பங்களைக் குழிகளிலிருந்து பிடுங்கிக் கொதிகலன் அறையில் அடுக்கினார். நான் தரையைக் கழுவிவிட்டேன். அதிகாரிகள் வந்தபோது முற்றம் கண்ணாடி மாதிரி இருந்தது. நாடாவைப் பிடித்தவர் அம்மாவைப் பார்த்து, "ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா" என்றார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

நாங்கள் நடத்துவது லாண்டரி. ஒரு ஆஸ்பத்திரிக்கும் இரண்டு விடுதிகளுக்கும் துணி வெளுக்கிறோம். பின்பக்கம் துவைக்கும் கூடம், அதை ஒட்டிக் கொதிகலன் அறை, அதற்கு மேல் நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறைகள். முன்பக்கம், ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுப்பிய அந்த முற்றம். மேலே ஓட்டுக் கூரை என்பதால், எங்கள் கட்டடத்தில் வெயில் விழும் ஒரே இடம் அதுதான். எந்தத் துணியையும் வெளியாள் கண்ணில் படவிடக்கூடாது என்பது அப்பா காலத்திலிருந்தே தொழிலில் உள்ள கட்டுப்பாடு. மதில் அவ்வளவு உயரமாக இருந்ததும் அதனால்தான். "ஒருத்தர் படுத்து எழுந்த விரிப்பை மூணாவது மனுஷன் பார்த்தா, அவங்க உடம்பைப் பார்த்த மாதிரி" என்பாள் அம்மா. குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தாலும் முற்றம் காலியாகிவிடும். அளவெடுக்க வந்தவர்களுக்கும் அதே மரியாதைதான்.

அரசு எடுக்கப்போவது முற்றத்தை மட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் தெரு குறுகல். ஆம்புலன்ஸ் நுழைந்தால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. அதை அகலப்படுத்துகிறார்கள். எங்கள் வரிசையில் எல்லோருடைய முன்புறமும் போகிறது.

நான் அப்போது மாலை நேரச் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பகலில் துணி மடிப்பேன், மாலையில் வகுப்புக்குப் போவேன். எங்கள் அரசியலமைப்புச் சட்டத்தில் சொத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது: சட்டத்தின்படி, பொது நோக்கத்துக்காக, நியாயமான இழப்பீடு கொடுத்தாலன்றி யாருடைய சொத்தையும் அரசு எடுக்கக்கூடாது. அதை வகுப்பில் படித்த வாரமே எங்களுக்கு அறிவிக்கை வந்ததால், வழக்கே எனக்காக வந்தது போல நினைத்துக்கொண்டேன். பொது நோக்கமே இல்லை என்று ஆட்சேபனை எழுதினேன். எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அப்படியும் நம்பிக்கை வராமல் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

அம்மா விரிப்பின் இரண்டு நுனிகளைப் பிடித்துக்கொண்டு, மறு நுனிகளைப் பிடிக்கச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினாள். மடித்துக்கொண்டே கேட்டாள்: "ரோடு வேணாம்னு எழுதியிருக்கியா?"

"வேற பக்கமா போடலாம்னு எழுதியிருக்கேன்."

"வேற பக்கம் யாரு வீடு இருக்கு?"

நான் என் பக்கத்து நுனிகளைச் சேர்த்து அவளிடம் நீட்டினேன்.

"ஆம்புலன்ஸ் போகணும்டி. ரோடு வரட்டும். ஆனா நம்ம பொழப்பு நிக்கக்கூடாது. அதுக்கு என்ன எழுதணுமோ அதை எழுது."

அதற்கு என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இழப்பீடு எவ்வளவு என்று நிர்ணயிக்கும் நில எடுப்பு அலுவலரின் தீர்ப்பாணை வந்த பிறகுதான், அது தெரியாமல் இருந்ததன் விலை புரிந்தது. முற்றத்துக்கு நில மதிப்பு மட்டும் போட்டிருந்தார்கள். காரணத்தையும் எழுதியிருந்தார்கள்: அளவீட்டு நாளில் காலி மனை, கட்டுமானம் இல்லை, தொழில் எதுவும் நடக்கவில்லை.

சித்தப்பா அதை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தார். எப்போதும் விறைப்பாகக் கஞ்சி போட்ட சட்டைதான் போடுவார் என்பதால் தெருவில் அவருக்குக் கஞ்சி என்றே பெயர். "தொழில் நடக்கலையா? அண்ணி, அன்னைக்கு அந்த ஆளு சுத்தமா இருக்குன்னு சொன்னப்ப நீங்க சிரிச்சீங்களே, அந்தச் சிரிப்புக்குத்தான் இந்த மொய்!"

"நீங்கதானே தம்பி கம்பத்தைப் பிடுங்கினீங்க?"

"நீங்க சொன்னீங்க, நான் பிடுங்கினேன். என்னைச் சொல்லாதீங்க."

அம்மா முற்றத்துக்குப் போனாள். அளவெடுத்த அன்று சாயங்காலமே கம்பங்களைத் திரும்ப நட்டுவிட்டிருந்தோம். ஈர விரிப்புகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே நின்ற அவளுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. திரும்பி வந்ததும், "நல்ல வக்கீலா ஒருத்தரைப் பாரு" என்றாள்.

எங்கள் வகுப்புக்கு வாரம் ஒருநாள் வந்து பாடம் எடுக்கும் வக்கீலம்மாவிடம் போனோம். குள்ளமானவர், பேசும்போது மேசையில் இருப்பதை எல்லாம் நேராக அடுக்கிக்கொண்டே இருப்பார். தீர்ப்பாணையைப் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி முற்றத்தைப் பற்றியது அல்ல.

"முற்றம் போயிட்டா பின்னாடி இருக்கிற கூடத்தை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"துவைப்போம். ஆனா காய வைக்க இடம் இல்ல" என்றாள் அம்மா.

"அப்ப அரசாங்கம் முற்றத்தை மட்டுமா எடுத்திருக்கு?"

நான் என் நோட்டில் எழுதுவதை நிறுத்தினேன்.

வக்கீலம்மா விளக்கினார். நிலத்தில் ஒரு பகுதியை எடுத்தால், எடுத்ததற்கு மட்டும் விலை கொடுத்தால் போதாது. அதனால் மிச்ச நிலத்துக்கு வரும் நஷ்டத்துக்கும், வருமானம் கெட்டதற்கும், தொழிலை வேறிடத்துக்கு மாற்ற ஆகும் செலவுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நில எடுப்புச் சட்டத்திலேயே அது இருக்கிறது. ஆனால் காலி மனை என்று பதிவானால் நில மதிப்பைத் தவிர வேறெதுவும் தரவேண்டாம் என்று துறையில் ஒரு சுற்றறிக்கை போட்டு வைத்திருக்கிறார்கள்.

"சுற்றறிக்கை சட்டத்தை வெட்ட முடியாது. நியாயமான இழப்பீடுன்னு அரசியலமைப்பு சொன்னதையும் வெட்ட முடியாது. அது நான் பார்த்துக்கிறேன். ஆனா ஒண்ணு. பணம் வாங்கப் போகும்போது ஆட்சேபத்தோட வாங்குறேன்னு எழுதிட்டுத்தான் கையெழுத்துப் போடணும். சும்மா போட்டீங்கன்னா, கொடுத்தது போதும்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் கோர்ட்டு வாசலை மிதிக்க முடியாது."

பணம் கொடுக்கும் அலுவலகத்தில் எங்கள் தெரு மொத்தமும் வரிசையில் நின்றது. அம்மாவின் முறை வந்தபோது எழுத்தர் ரசீதை நகர்த்தினார். அம்மா பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக எழுதத் தொடங்கினாள்.

"என்னம்மா எழுதுறீங்க? கையெழுத்து மட்டும் போதும்."

"இதுவும் வேணும்."

"இப்படி எழுதினா செக்கு இன்னைக்குக் கிடைக்காது. மேல அனுப்பணும், அவங்க பார்க்கணும், திரும்பி வரணும்..."

அவர் சொல்வது பொய்தான் என்று நினைத்தேன். ஆனால் உறுதியாகத் தெரியாது. பின்னால் இருந்த ஒருவர், "அக்கா, சீக்கிரம் போட்டுக் குடுங்க, கால் கடுக்குது" என்றார்.

"மேல அனுப்புங்க" என்றாள் அம்மா, தலை நிமிராமல். "மேல இருக்கிறவங்களும் படிக்கட்டும்." எழுதி முடித்தாள். கையெழுத்துப் போட்டாள். ஒரு நகல் கேட்டாள். எழுத்தர் அவளை ஒரு பார்வை பார்த்தார். செக்கு அன்றைக்கே கிடைத்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மதிலை இடித்தார்கள். கூடத்தின் சுவரிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் கம்பிவேலி போட்டார்கள். கால் வைக்க மட்டும் இடமிருந்த அந்த மிச்சத்தில் ஒரு கொடிகூடக் கட்ட முடியாது. எங்கள் வழக்கு அலுவலரிடமிருந்து நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணை நடந்த மாதங்களில் துணியை மாடிப்படியிலும், எங்கள் கட்டில்கள் மேலும், அடுப்படிக் கதவிலும் காயப்போட்டோம். கொதிகலனுக்குப் பக்கத்தில் போட்டால் மஞ்சள் படிந்தது. தள்ளிப் போட்டால் வாடை வந்தது. ஒரு விடுதி எங்களை விட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரி இன்னும் போகவில்லை. ஆனால் துணிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தது.

நீதிமன்றத்தில் அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தவர் அரசு வக்கீல். மரியாதையான மனிதர். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அளவெடுத்த அன்னைக்கு முற்றத்தில ஏதாவது துணி இருந்துச்சாம்மா?"

"இல்லைங்க ஐயா."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல."

"கம்பம், கயிறு?"

"பிடுங்கி உள்ள வெச்சிட்டோம்."

"அப்ப காலி மனைன்னு எழுதினது சரிதானே?"

"அன்னைக்குச் சரிதான். அவங்க பொய் எழுதினாங்கன்னு நான் எங்கேயும் சொல்லலையே."

எங்கள் வக்கீலம்மா தன் பேனாவைக் காகிதத்தின் ஓரத்துக்கு நேராக வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அரசு வக்கீல் அதோடு நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தால் வழக்கு எப்படிப் போயிருக்கும் என்று இப்போதும் யோசிப்பதுண்டு. அவர் உட்காரவில்லை.

"நடக்கிற தொழிலை எதுக்கும்மா எடுத்து வைப்பீங்க? நம்புற மாதிரியா இருக்கு?"

"ஐயா, நீங்க படுத்த விரிப்பு எங்க கிட்ட வருதுன்னு வெச்சுக்கங்க. அதை நாலு பேரு பார்க்க நான் விரிச்சு வெச்சா உங்களுக்குச் சம்மதமா? ஆஸ்பத்திரித் துணின்னா ரத்தம் இருக்கும், என்னென்னமோ இருக்கும். துவைச்சாலும் சிலது போகாது. யாரு வந்தாலும் எடுத்துடுவோம். கவர்ன்மெண்ட்டு ஆளுன்னு தனியா ஒரு நியாயம் வெச்சுக்கல."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "இப்ப எங்கேம்மா காய வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"வீட்டுக்குள்ளங்க. நாங்க படுக்கிற இடத்தில."

வக்கீலம்மா உடனே எழுந்தார். ஆஸ்பத்திரியோடு செய்த ஒப்பந்தம் எங்களிடம் இருந்தது. தொழில் இருந்ததை அது காட்டும், முற்றம் போனதால் அது என்ன ஆனது என்பதைக் காட்டாது. அதை நேரில்தான் பார்க்க முடியும். இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஓர் ஆணையரை நியமிக்க வேண்டும் என்று கேட்டார். நீதிபதி சம்மதித்து, ஓர் இளம் வக்கீலை நியமித்தார். இரு தரப்பும் உடன் இருக்க வேண்டும் என்றார்.

ஆணையர் வருவதற்கு முந்தைய நாள் சித்தப்பாவுக்குக் கை நமநமவென்றது.

"அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. இருக்கிற துணி எல்லாத்தையும் தண்ணியில முக்கி, வாசல்லேருந்து தொங்கவிடுவோம். உள்ள நுழையறவன் முகத்துல சொத்துன்னு அடிக்கணும்."

வக்கீலம்மாவிடம் கேட்டேன். "நாடகம் போட்டீங்கன்னா நான் வழக்கை விட்டுப் போயிடுவேன்னு கஞ்சி கிட்டச் சொல்லு" என்றார். அந்தப் பெயர் அவர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது எப்படி என்று சித்தப்பா அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்றாள் அம்மா. "நாளைக்கு எவ்வளவு துணி இருக்கோ அவ்வளவுதான்."

சொல்வது எளிது. மறுநாள் காலை ஆஸ்பத்திரி திருப்பியனுப்பிய மூட்டை வாசலிலேயே கிடந்தது. எந்த நாளும் கிடப்பதுதான். முடிச்சு அவிழ்ந்து, கறை போகாத விரிப்பு ஒன்று வெளியே தெரிந்தது. வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா குனிந்து மூட்டையைத் தூக்கிவிட்டாள். தூக்கிய பிறகு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் நானே எடுத்து வைத்திருப்பேன். அவள் மூட்டையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஆணையர் என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவராக இருப்பார். கூடத்தை அளந்தார். மாடிப்படி ஏறும்போது தொங்கிய விரிப்புகளை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. எங்கள் கட்டிலில் பரப்பியிருந்த தலையணை உறைகளைத் தொட்டுப் பார்த்து, "எப்ப போட்டது?" என்று கேட்டார். "நேத்துக் காலையில" என்றேன். ஈரம் விரலில் ஒட்டியது. கீழே வந்து, மூட்டையிலிருந்த விரிப்பை முகர்ந்து பார்க்கலாமா என்று அம்மாவிடம் அனுமதி கேட்டார். அம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

அரசு வக்கீல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். உண்மையிலேயே அக்கறையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்: "இந்தக் காலத்தில வெயிலை நம்பி யாராவது இருப்பாங்களாம்மா? உலர்த்துற மெஷின் ரெண்டு வாங்கிப் போட்டா எல்லாம் சரியாப் போயிடுமே."

"எங்கேங்க ஐயா போடுறது?" என்றாள் அம்மா. அவர் சுற்றிலும் பார்த்தார். துவைக்கும் மெஷின்களுக்கும் சுவருக்கும் நடுவே நாங்கள் நின்றிருந்ததே ஒருவர் பின் ஒருவராகத்தான்.

வக்கீலம்மா ஆணையரிடம் மெதுவாக, "சார் சொன்னதைப் பதிவு பண்ணிக்கங்க" என்றார். "மெஷின் வாங்கினாத்தான் மிச்ச இடம் சரியாகும்னு அரசுத் தரப்பே சொல்லுது. அப்படின்னா மிச்ச இடம் இப்ப சரியா இல்ல."

அரசு வக்கீலின் கைக்குட்டை பாதிக் கழுத்தில் நின்றது. "நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்மா."

"சும்மாவே இருக்கட்டும் சார். சொன்னீங்கல்ல?"

ஆணையர் எழுதிக்கொண்டார். மெஷின் வைக்க இடம் இல்லை என்பதையும் அளவோடு எழுதினார்.

தீர்ப்பு எங்களுக்கு எல்லாவற்றையும் கொடுக்கவில்லை. நில மதிப்பை உயர்த்தக் கேட்டிருந்தோம். அதற்குச் சித்தப்பா, எங்கள் தெருமுனையில் ஒரு கடை நல்ல விலைக்கு விற்ற பத்திரத்தைக் கொண்டுவந்திருந்தார். சாலை அறிவிப்பு வந்த பிறகு நடந்த விற்பனை அது. சாலை வரும் என்பதாலேயே ஏறிய விலையை அந்தச் சாலைக்காக எடுத்த நிலத்துக்குக் கேட்க முடியாது என்று நீதிபதி ஒதுக்கிவிட்டார். ஆனால் சுற்றறிக்கையைப் பற்றி எழுதியதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். நியாயமான இழப்பீடு என்பதை எடுத்தவன் கையில் இருப்பதைக் கொண்டு அளக்கக் கூடாது, இழந்தவன் கையில் மிஞ்சியதைக் கொண்டு அளக்க வேண்டும். அரசியலமைப்பு தந்ததைத் துறையின் கடிதம் குறைக்க முடியாது. மிச்ச நிலத்தின் நஷ்டம், கெட்ட வருமானம், தொழிலை மாற்றும் செலவு, மூன்றையும் தரச் சொன்னார்.

அரசு மேல்முறையீடு செய்தது. விசாரணை முடியும்வரை தொகையை நீதிமன்றத்தில் கட்டிவைக்கும்படி உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. தோற்றால் திருப்பித் தருவதற்கு ஒரு சொத்தை ஈடாகக் கொடுத்தால் அதில் பாதியை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சமயத்தில்தான் அரசுத் தரப்பிலிருந்து ஒரு பேச்சு வந்தது: வருமானத்தையும் மாற்றும் செலவையும் விட்டுக்கொடுத்தால் மேல்முறையீட்டைத் திரும்பப் பெறுவார்கள், மீதியை உடனே வாங்கிக்கொள்ளலாம்.

சித்தப்பா துள்ளிக் குதித்தார். "அண்ணி, கைக்கு வர்றதை வாங்கிட்டு நிம்மதியா இருப்போம். ஆஸ்பத்திரிக்காரனும் எத்தனை நாளைக்குப் பொறுப்பான்?"

அம்மா என்னைக் கேட்டாள்: "அவங்க குடுக்கிறதுல வெயில் இருக்கிற ஒரு இடத்தைப் பிடிச்சு, மெஷினெல்லாம் மாத்தி, தொழிலை ஓட்ட முடியுமா?"

கணக்குப் போட்டேன். நான் தப்பாகப் போட்டிருப்பேன் என்று தோன்றியதால் வக்கீலம்மாவையும் பார்க்கச் சொன்னேன். முடியாது. இடத்துக்கு முன்பணம் கொடுப்பதோடு சரி.

"அப்ப அது இழப்பீடு இல்ல" என்றாள் அம்மா. "கடையைச் சாத்திட்டுப் போன்னு குடுக்கிற வழிச்செலவு. எனக்கு வேணாம். பாதியை எடுப்போம். அதுல தொடங்குவோம். மீதிக்குச் சண்டை போடுவோம்."

"ஈடுக்கு என்னத்தை வைப்பீங்க? இந்த இடத்தை வெச்சா நாளைக்கு இதை விக்கவும் முடியாது" என்றார் சித்தப்பா.

நானும் அம்மாவும் அவரையே பார்த்தோம். சித்தப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னை ஏன் பார்க்கிறீங்க?" என்றார். பிறகு, "என் வீட்டுப் பத்திரம் பேங்க்கு லாக்கர்ல இருக்கு. நாளைக்கு மத்தியானம்தான் எடுக்க முடியும். அதுக்குள்ள யாரும் தொணதொணக்கக்கூடாது" என்றார். சொல்லிவிட்டு, கோபித்துக்கொண்டவர் போலக் கூடத்துக்குள் போய்ப் பிழியும் மெஷினை ஓட விட்டார்.

புது இடம் ஒரு பழைய கிடங்கின் மேல்தளம். சுற்றிலும் கட்டடம் இல்லாததால் காலை முதல் சாயங்காலம் வரை வெயில் இருந்தது. கைப்பிடிச் சுவர் உயரம் போதாது என்று அம்மா முதல் நாளே மூங்கில் தட்டி வாங்கிவந்து கட்டினாள். ஆஸ்பத்திரித் துணி திரும்பி வருவது நின்றது. மாதத்தில் ஒருநாள் மட்டும் பெரிய லோடு வரும். அறுவைப் பிரிவின் துணி மொத்தமும் ஒரே தடவையாக.

மேல்முறையீட்டுக்குத் தேதி வந்தபோது அது அந்த நாளாகவே இருந்தது. வாய்தா கேட்கலாமா என்று வக்கீலம்மாவைக் கேட்க நான் ஃபோனை எடுத்தேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, ஆஸ்பத்திரிக்கு அடித்தாள்.

"ஐயா, லாண்டரியிலேருந்து பேசுறேன். இந்த மாசம் பெரிய லோடை மறுநாள் அனுப்புங்க. அன்னைக்கு எங்களுக்குக் கோர்ட்டு இருக்கு." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். அம்மா கேட்டுக்கொண்டாள். "இல்லைங்க, எப்ப முடியும்னு எனக்குத் தெரியாது. முடியற வரைக்கும் போவோம்."